பணம் அனுப்பியாச்சு என்கிறார்கள், கணக்கில் ஏறவில்லை: யூடிஆர் எண்ணைக் கேட்டுத் தேடுவது எப்படி?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டிக் கிராமத்தில் இருக்கிறோம். மாமனாருக்கு ஜனவரியில் கோவையில் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. கையிலிருந்து கட்டிவிட்டு, மெடிக்கல் இன்சூரன்ஸில் ரீஇம்பர்ஸ்மென்ட் கிளெய்ம் போட்டோம். "61,250 ரூபாய் செட்டில் ஆகிவிட்டது, நெஃப்ட் மூலம் அனுப்பப்பட்டது" என்று 2025 மார்ச் 6-ம் தேதி எஸ்எம்எஸ் வந்தது. தபால் நிலைய சேமிப்புக் கணக்கைத்தான் கொடுத்திருந்தோம். பாஸ்புக்கில் இன்றுவரை ஒன்றும் ஏறவில்லை. கஸ்டமர் கேரில் "பெய்டு என்றுதான் காட்டுகிறது, அங்கே கேளுங்கள்" என்கிறார்கள். தபால் நிலையத்தில் "எங்களுக்கு எதுவும் வரவில்லை" என்கிறார்கள். இரண்டு மாதம் ஆகப்போகிறது. யாரிடம் என்ன கேட்பது?

பதில்:

இரண்டு பக்கமும் சொல்வது ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். அது எப்படி என்று புரிந்துகொண்டால், அடுத்து கேட்க வேண்டிய கேள்வி தானாகவே வந்துவிடும்.

நான் ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் கிளெய்ம் பட்டுவாடா பார்த்தவன். அங்கே நடப்பது இதுதான். கிளெய்ம் பிரிவு தொகையை அனுமதித்ததும், அன்றைய பட்டுவாடா எல்லாம் சேர்ந்து ஒரு கோப்பாக நிறுவனத்தின் வங்கிக்குப் போகும். கோப்பு போனதுமே கிளெய்ம் திரையில் "பெய்டு" என்று விழும், உங்களுக்கு எஸ்எம்எஸ்ஸும் கிளம்பிவிடும். உங்கள் கணக்கில் பணம் ஏறியதா என்பதற்கும் அந்தத் திரைக்கும் தொடர்பு கிடையாது. பணம் ஏறாமல் திரும்பி வந்தால் அது நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் வரவாக விழும். கணக்குப் பிரிவில் ஒருவர் உட்கார்ந்து, இந்த வரவு எந்தக் கிளெய்முக்கு உரியது என்று பொருத்திப் பார்த்து மாற்றும்வரை கிளெய்ம் திரை "பெய்டு" என்றே காட்டும். கஸ்டமர் கேரில் பேசுகிறவருக்குத் தெரிவது அந்தத் திரை மட்டும்தான்.

தபால் நிலையத்தின் நிலைமையும் அப்படித்தான். கணக்கில் நிலைத்த வரவு மட்டுமே பாஸ்புக்கில் அச்சாகும். வந்து, சேர முடியாமல் திரும்பிய தொகைக்கு ஒரு வரிகூட விழாது. வேறு எண்ணுக்கோ வேறு வங்கிக் குறியீட்டுக்கோ போன பணம் அந்தக் கவுன்ட்டர் ஊழியரின் கண்ணில் படவே படாது. ஆகவே அவர் "வரவில்லை" என்பதை வைத்து "நிறுவனம் அனுப்பவே இல்லை" என்று முடிவுகட்ட முடியாது.

அடுத்து, காலம். 2019 டிசம்பர் 16-லிருந்து நெஃப்ட் ஆண்டு முழுக்க 24 மணி நேரமும் ஓடுகிறது, ஞாயிறும் பண்டிகையும் அதற்குக் கிடையாது. அரை மணிக்கு ஒரு தொகுப்பாகப் பணம் நகர்கிறது. பணம் பெறும் வங்கி, அந்தத் தொகுப்பு முடிந்த இரண்டு மணி நேரத்துக்குள் கணக்கில் வரவு வைக்க வேண்டும், முடியாவிட்டால் அதே இரண்டு மணி நேரத்துக்குள் அனுப்பிய வங்கிக்கே திருப்பிவிட வேண்டும். இது ரிசர்வ் வங்கியின் விதி. எனவே மார்ச் 6-ம் தேதி உண்மையிலேயே பணம் கிளம்பியிருந்தால், அன்று இரவுக்குள்ளோ மறுநாளோ அதன் கதை முடிந்திருக்கும். மே மாதத்தில் "ப்ராசஸில் இருக்கிறது, இன்னும் நாலைந்து வேலை நாள் பாருங்கள்" என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். வழியில் எதுவும் இல்லை. பணம் கிளம்பவே இல்லை, போய்த் திரும்பி வந்து நிறுவனத்திடமே கிடக்கிறது, அல்லது வேறொரு கணக்கில் ஏறிவிட்டது. இந்த மூன்றில் ஒன்றுதான் நடந்திருக்கிறது. எது என்று சொல்லக்கூடியது யூடிஆர் எண்.

நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் என்று வங்கிகளுக்கிடையே போகும் ஒவ்வொரு பணத்துக்கும் அனுப்பும் வங்கி கொடுக்கும் தனி எண் அது. ஒரு எண் ஒரு பரிமாற்றத்துக்கு மட்டுமே உரியது, வேறெதற்கும் வராது. கேட்டால் நிறையப் பேர் கிளெய்ம் எண்ணையோ, பேமென்ட் வவுச்சர் எண்ணையோ, நிறுவனத்தின் உள் பதிவு எண்ணையோ கொடுத்துவிடுவார்கள். வேண்டுமென்று ஏமாற்றுவதற்காக அல்ல, அவர்கள் திரையில் இருப்பது அதுதான். அந்த எண்ணோடு எந்த வங்கிக்குப் போனாலும் பயன் இல்லை. அதனால் உண்மையான யூடிஆர் எப்படி இருக்கும் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நெஃப்ட்டில் பெரும்பாலும் 16 எழுத்து-எண்கள் இருக்கும், சில வங்கிகளில் 22 வரை போகும். பல வங்கிகளில் முதல் நாலு எழுத்து அனுப்பிய வங்கியின் குறியீடு. அதன்பின் ஒரு எழுத்து, ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம், அந்த ஆண்டில் அது எத்தனையாவது நாள் என்ற மூன்று இலக்கம், கடைசியில் வரிசை எண். உதாரணத்துக்கு, ABCD என்று ஒரு வங்கிக் குறியீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

```
ABCDH25065004317
```

இதில் 25 என்பது 2025. 065 என்பது ஆண்டின் 65-வது நாள். ஜனவரிக்கு 31, பிப்ரவரிக்கு 28, மார்ச்சில் 6, கூட்டினால் 65. ஆக இந்தப் பணம் மார்ச் 6-ம் தேதி வங்கியிலிருந்து கிளம்பியது. நடுவில் 25092 என்று இருந்தால் அது ஏப்ரல் 2. எஸ்எம்எஸ் மார்ச்சிலேயே வந்துவிட்டது, வங்கியோ ஏப்ரலில்தான் அனுப்பியிருக்கிறது என்று அர்த்தம். தாமதத்துக்கு வட்டி கேட்கும்போது இது உதவும். எல்லா வங்கிகளும் இதே அமைப்பை வைத்துக்கொள்வதில்லை. நடுவில் தேதி தெரியவில்லை என்பதால் எண்ணே போலி என்று நினைக்க வேண்டாம். கொடுத்த எண் ஐஎம்பிஎஸ் வழியில் போனதாக இருந்தால் 12 இலக்கம் மட்டும் இருக்கும்.

யூடிஆர் மட்டும் போதாது. இந்த இடத்தில்தான் பலர் பாதி பதிலோடு திரும்பி வந்து இன்னும் ஒரு மாதம் அலைகிறார்கள். பணம் எங்கிருந்து கிளம்பியது என்பது எண்ணில் தெரியும், எங்கே போனது என்பது அதில் தெரியாது. ஆகவே கூடவே கேளுங்கள்: எந்தக் கணக்குக்கு அனுப்பினீர்கள், அதன் கடைசி நாலு இலக்கம் என்ன, எந்த ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் அனுப்பினீர்கள், அது திரும்பி வந்ததா, வந்தது என்றால் எந்தத் தேதியில், என்ன காரணம் சொல்லித் திருப்பினார்கள்?

உங்கள் விஷயத்தில் எனக்கு முதலில் சந்தேகம் வருவது ஐஎஃப்எஸ்சி மீதுதான். நீங்கள் கொடுத்தது தபால் நிலைய சேமிப்புக் கணக்கு. நம் மலையில் ஹட்டிகளிலும் எஸ்டேட் லைன்களிலும் பாதிப் பேருக்கு அதுதான் முதல் கணக்கு. 2022 மே மாதம் முதல் இந்தக் கணக்குகளுக்கு நெஃப்ட் வசதி உண்டு. நாடு முழுக்க எல்லாத் தபால் நிலைய சேமிப்புக் கணக்குகளுக்கும் ஒரே குறியீடுதான்:

```
IPOS0000DOP
```

கோத்தகிரிக்கு ஒன்று, குன்னூருக்கு ஒன்று என்று கிடையாது. அதே தபால் நிலையக் கட்டடத்தில் இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் பேங்க் என்று தனியாக ஒரு வங்கியும் இயங்குகிறது. தபால்காரர் வீட்டுக்கே கருவி கொண்டுவந்து கைரேகை வைத்துப் பணம் கொடுப்பாரே, அந்த வங்கி. அதன் குறியீடு வேறு:

```
IPOS0000001
```

ஆரம்ப எழுத்துகள் ஒன்று, கட்டடம் ஒன்று, ஊழியர்கூட ஒருவராக இருக்கலாம். ஆனால் கணக்குகள் இரண்டும் வெவ்வேறு இடத்தில் இருக்கின்றன. பழைய தபால் நிலையப் பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் ஐஎஃப்எஸ்சி அச்சாகியிருக்காது. கிளெய்ம் படிவத்தில் அந்தக் கட்டம் காலியாக விடப்பட்டிருக்கும், இல்லை யாரோ சொன்னதை எழுதியிருப்பீர்கள். பதிவு செய்பவர் எங்கோ ஒரு பெருநகரத்தில் உட்கார்ந்துகொண்டு வங்கிப் பெயர்களின் பட்டியலில் "இந்தியா போஸ்ட்" என்று தேடுவார். முதலில் கண்ணில் படுவது பேமென்ட்ஸ் பேங்க். அதைத் தேர்ந்தெடுத்ததும் 0000001 விழுந்துவிடும்.

அதன்பின் என்ன ஆகும்? பணம் பேமென்ட்ஸ் பேங்குக்குப் போகும். உங்கள் மாமனாரின் சேமிப்புக் கணக்கு எண் அங்கே கிடையாது. "அப்படி ஒரு கணக்கு இல்லை" என்ற காரணத்தோடு பணம் திரும்பிவிடும். பணம் சேமிப்பு வங்கியின் வாசல்வரைகூட வரவில்லை. அதனால்தான் கவுன்ட்டரில் இருப்பவர் "எதுவும் வரவில்லை" என்று உண்மையாகவே சொல்கிறார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அது இப்படித்தான். இது என் ஊகம்தான். ஆனால் யூடிஆர் விவரத்தோடு குறியீடு வந்த அடுத்த நிமிடமே ஊகம் சரியா தப்பா என்று தெரிந்துவிடும்.

குறியீடு DOP என்றே இருந்து, பணமும் திரும்பியிருந்தால், கணக்கின் நிலையைப் பாருங்கள். தபால் நிலைய சிறுசேமிப்புக் கணக்குகளுக்கு ஆதார் எண் கொடுக்க 2023 செப்டம்பர் 30 வரை கெடு வைத்திருந்தார்கள். கொடுக்காத கணக்குகளை முடக்க விதி உண்டு. மூன்று நிதியாண்டுகள் தொடர்ந்து போடுவதும் எடுப்பதும் இல்லாத கணக்கும் செயலற்றதாகிவிடும். பாஸ்புக்கையும் மாமனாரின் ஆதார், பான் அட்டைகளையும் எடுத்துப் போய், "கணக்கு உயிரோடு இருக்கிறதா, கேஒய்சி முடிந்திருக்கிறதா" என்று கேட்டால் அங்கேயே சொல்லிவிடுவார்கள். கவுன்ட்டரில் இருப்பவரால் பதில் சொல்லக்கூடிய கேள்வி இது. "என் நெஃப்ட் எங்கே" என்பது அவரால் முடியாத கேள்வி.

இன்னொன்று. பாலிசி யார் பெயரில் எடுத்தது? ரீஇம்பர்ஸ்மென்ட் பணம் சிகிச்சை பெற்றவருக்குப் போகாது, பாலிசி எடுத்தவருக்குத்தான் போகும். உங்கள் கணவர் பெயரில் குடும்ப பாலிசி எடுத்து மாமனாரைச் சேர்த்திருந்தால், பிரீமியம் கட்டிய காலத்தில் கொடுத்த அவருடைய கணக்கில் பணம் ஏறியிருக்க வாய்ப்பு உண்டு. வீட்டில் எல்லாருடைய கணக்கிலும் மார்ச் 5 முதல் 10 வரை பாருங்கள். தேயிலை போட்டதற்கு இலைப் பணம் வரும் வங்கிக் கணக்கு ஒன்று இருக்குமே, அதையும் விட்டுவிடாதீர்கள். தேடும்போது கிளெய்ம் போட்ட தொகையைத் தேடாதீர்கள், அனுமதித்த 61,250-ஐத் தேடுங்கள். வரவு வரியில் காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் முழுதாக இருக்காது, வெட்டுப்பட்ட பெயராகவோ வெறும் எண்ணாகவோ இருக்கலாம். தொகை மட்டும்தான் மாறாது.

சரி, எப்படிக் கேட்பது? போனில் கேட்டால் புகார் எண் ஒன்று கொடுப்பார்கள், அதற்குமேல் நகராது. மின்னஞ்சலில் எழுதுங்கள். கிளெய்ம் பிரிவின் முகவரிக்கு அனுப்பி, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் நகல் போடுங்கள். அவருடைய முகவரி ஒவ்வொரு நிறுவனத்தின் இணையதளத்திலும் இருக்க வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டளை. கடிதம் நீளமாக இருக்கக் கூடாது. ஆபரேஷன் கதை, எத்தனை தடவை போன் செய்தோம், எவ்வளவு சிரமப்பட்டோம் என்பதெல்லாம் அதில் வேண்டாம். படிக்கிறவருக்கு அது ஒரு பொதுப் புகாராகத் தெரிந்து, பொதுப் பதில் ஒன்றை அனுப்பிவிடுவார். உள்ளே இருப்பவருக்கு உதவுவது தொகையும் தேதியும்தான். திரும்பி வந்த பணம் வங்கி அறிக்கையில் புது எண்ணோடு வரவாக விழுந்திருக்கும், நூறு வரவுகளுக்கு நடுவில். "மார்ச் 6, 7 தேதிகளில் 61,250 ரூபாய் திரும்பி வந்திருக்கிறதா பாருங்கள்" என்று குறிப்பாகச் சொன்னால் கணக்குப் பிரிவில் அதைக் கண்டுபிடிக்கச் சில நிமிடம் போதும். சொல்லாவிட்டால் மாதக் கடைசி ஒத்துப்பார்ப்புவரை அது அப்படியே கிடக்கும், சில நேரம் அதற்குப் பிறகும்.

இப்படி எழுதலாம்:

பொருள்: அனுமதிக்கப்பட்ட கிளெய்ம் தொகை கணக்கில் வரவாகவில்லை, பணப் பரிமாற்ற விவரம் தேவை. (பாலிசி எண், கிளெய்ம் எண்.)

"மேற்கண்ட கிளெய்மில் ரூ. 61,250 நெஃப்ட் மூலம் அனுப்பப்பட்டதாக 06.03.2025 அன்று எஸ்எம்எஸ் வந்தது. அந்தத் தொகை இன்றுவரை கணக்கில் வரவாகவில்லை. 01.03.2025 முதல் இன்றுவரையிலான கணக்கு விவரத்தை இணைத்துள்ளேன். பின்வருவனவற்றைத் தெரிவிக்கவும்: யூடிஆர் எண், பணம் அனுப்பிய தேதி, அனுப்பிய வங்கியின் பெயர், பெறுபவர் கணக்கின் கடைசி நான்கு இலக்கம், பயன்படுத்திய ஐஎஃப்எஸ்சி. மார்ச் 6, 7 தேதிகளில் இந்தத் தொகை உங்கள் கணக்குக்குத் திரும்பி வந்திருந்தால், அந்தத் தேதியையும் திருப்பிய காரணத்தையும் தெரிவிக்கவும். கிளெய்ம் படிவத்துடன் நான் கொடுத்த வங்கி விவரத்தின் நகலையும் அனுப்பவும்."

பாலிசி யார் பெயரிலோ அவர் பெயரில், பதிவு செய்த மின்னஞ்சலிலிருந்து அனுப்புங்கள். மருமகள் பெயரில் போனால் "மூன்றாம் நபருக்கு விவரம் தர முடியாது" என்று நிறுத்திவிடுவார்கள், அதில் பத்து நாள் போய்விடும். மாமனாருக்கு மின்னஞ்சல் இல்லை என்றால், அவர் கையெழுத்திட்ட கடிதத்தை ஸ்கேன் செய்து, கூடவே அதை ஸ்பீட் போஸ்ட்டிலும் போடுங்கள். கடைசி வரியில் வங்கி விவரத்தின் நகலைக் கேட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. தவறு யாருடையது என்பதற்கு அதுதான் சாட்சி, அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

பதில் எப்படி வந்தாலும் அடுத்த அடி தெளிவாகவே இருக்கும்.

யூடிஆர் தர முடியவில்லை, வவுச்சர் எண்ணையே திரும்பத் திரும்பத் தருகிறார்கள் என்றால், பணம் பெரும்பாலும் கிளம்பவே இல்லை. வங்கியின் ஆரம்பச் சோதனையிலேயே அந்த ஒரு வரி தள்ளுபடியாகியிருக்கும். கோப்பில் இருந்த மற்றவர்களுக்கெல்லாம் போயிருக்கும், உங்களுடையது மட்டும் நின்றிருக்கும். "யூடிஆர் இல்லாததால் பணம் அனுப்பப்படவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன், உடனே அனுப்பவும்" என்று ஒரே வரியில் பதில் எழுதுங்கள்.

திரும்பி வந்துவிட்டது என்றால், புதிதாகக் கிளெய்ம் போடச் சொல்லி யாராவது சொன்னாலும் போடாதீர்கள். கிளெய்ம் முடிந்துவிட்டது, மறுபட்டுவாடா மட்டும்தான் பாக்கி. புதுக் கிளெய்ம் போட்டால் அது இரட்டைக் கிளெய்மாகத் தெரிந்து இன்னொரு சிக்கலில் மாட்டும். வங்கி விவரப் படிவம் ஒன்றை நிரப்பி, பாஸ்புக் முதல் பக்க நகலை இணைத்தால் போதும். தபால் நிலையக் கணக்கிலேயே வாங்க விரும்பினால், படிவத்தில் IPOS0000DOP என்று எழுதி, "தபால் நிலைய சேமிப்புக் கணக்கு, பேமென்ட்ஸ் பேங்க் கணக்கு அல்ல" என்று பக்கத்திலேயே குறிப்பிடுங்கள். ஆனால் என் யோசனை, இலைப் பணம் மாதாமாதம் ஒழுங்காக விழுகிற வங்கிக் கணக்கு ஒன்று பாலிசிதாரர் பெயரிலேயே இருந்தால் அதைக் கொடுங்கள். ஏற்கெனவே வரவு வந்துகொண்டிருக்கும் கணக்கு என்பதே பெரிய உத்தரவாதம். கேன்சல் செய்த செக் ஒன்று வைத்தால் குறியீடும் எண்ணும் அதிலேயே அச்சாகியிருக்கும், யாரும் பட்டியலில் தேட வேண்டியதில்லை. செக் பழையதாக இருந்தால் மட்டும் கவனம். 2020-ல் கனரா வங்கியோடு இணைந்த சிண்டிகேட் வங்கியின் SYNB என்று தொடங்கும் குறியீடுகளும், டிபிஎஸ்ஸோடு இணைந்த லட்சுமி விலாஸ் வங்கியின் LAVB குறியீடுகளும் இப்போது செல்லாது.

வேறொரு கணக்கில் ஏறிவிட்டது என்று பதில் வந்தால் விஷயம் கொஞ்சம் கடினம். நெஃப்ட்டில் கணக்கு எண்ணை மட்டும் பார்த்தே வரவு வைக்க விதி இடம் கொடுக்கிறது, பெயர் பொருந்துகிறதா என்று வங்கி பார்க்க வேண்டியதில்லை. ஒரு இலக்கம் மாறி, அந்த எண்ணில் அதே வங்கியில் ஒருவருக்குக் கணக்கு இருந்தால் பணம் அவருக்குப் போய்விடும். இங்கேதான் நீங்கள் கேட்டு வாங்கிய அந்த நகல் உதவும். படிவத்தில் நீங்கள் சரியாக எழுதி, பதிவில் அவர்கள் தவறியிருந்தால், உங்களுக்குத் தர வேண்டிய பணம் இன்னும் தரப்படவில்லை என்றுதான் அர்த்தம். மாறிப் போனதை மீட்பது அவர்கள் பாடு, அது கிடைக்கும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. எண் தவறு உங்கள் கையெழுத்தில் இருந்தால், நிறுவனம் தன் வங்கி மூலமாக அந்த வங்கிக்கு எழுதி, கணக்குக்காரரின் சம்மதத்தோடுதான் திரும்பப் பெற முடியும். அது நாள் பிடிக்கும்.

வட்டி பற்றி. கிளெய்ம் தொகையை விதித்த காலத்துக்குள் தராமல் தாமதித்தால், ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்துக்கு மேல் 2 சதவீதம் சேர்த்து வட்டி தர வேண்டும். கிளெய்ம் எந்த நிதியாண்டில் தர வேண்டியதாயிற்றோ, அதன் ஆரம்பத்தில் இருந்த வங்கி விகிதத்தை எடுத்துக்கொள்வார்கள். 2024 ஏப்ரலில் அது 6.75 சதவீதம், ஆக உங்களுக்கு 8.75. மார்ச் 6-லிருந்து மே 5 வரை 60 நாள் என்று வைத்தால், 61,250 ரூபாய்க்கு வட்டி சுமார் 881 ரூபாய் வரும். தொகை சின்னது. ஆனாலும் கேளுங்கள், ஏனென்றால் வட்டிக் கணக்கு போட வேண்டும் என்றால் தாமதம் எங்கே நடந்தது என்று அவர்கள் ஒரு குறிப்பு எழுதியே ஆக வேண்டும், அந்தக் குறிப்பு எழுதப்படும்போது வேலையும் நடந்துவிடும். குறியீட்டுத் தவறு உங்கள் படிவத்திலேயே இருந்தால் இந்த வாதம் பலவீனமாகிவிடும். அப்போதும் பணம் திரும்பி வந்த பிறகு உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்த நாட்களுக்குக் கேட்பது நியாயம்தான், நான் கேட்பேன்.

மின்னஞ்சலுக்கு இரண்டு வாரத்தில் சரியான பதில் வராவிட்டால் ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா தளத்தில் பதிவு செய்யுங்கள், அல்லது 155255 எண்ணில் சொல்லுங்கள். அந்தப் புகார் அதே நிறுவனத்துக்குத்தான் போகும், ஆனால் பதில் சொன்னார்களா என்பதை ஆணையம் பார்க்கும். நீங்கள் முதலில் எழுதியதிலிருந்து ஒரு மாதம் ஆகியும் தீராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ, சென்னையில் இருக்கும் காப்பீட்டு ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான விஷயங்களை அவர் விசாரிப்பார். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. நிறுவனத்தின் பதில் வந்து ஓராண்டுக்குள் போக வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. இதற்காக மாமனாரை மலையிறக்கி சென்னைக்குக் கூட்டிப்போக வேண்டியதில்லை. புகாரை cioins.co.in தளத்தில் இணையத்திலேயே கொடுக்கலாம், விசாரணையை வீடியோ மூலம் நடத்தவும் விதி உண்டு. யூடிஆர் விவரம் கேட்டு நீங்கள் எழுதிய கடிதமும், கணக்கு விவரமும், அந்த எஸ்எம்எஸ்ஸின் படமும்தான் அங்கே முக்கிய ஆவணங்கள். எஸ்எம்எஸ்ஸை அழித்துவிடாதீர்கள்.

ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மனிடம் போகச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். பணம் பேமென்ட்ஸ் பேங்கிலோ வேறு வங்கியிலோ சிக்கியது என்று யூடிஆர் மூலம் தெரிந்தால் மட்டும் அந்த வழி பொருந்தும். தபால் நிலைய சேமிப்பு வங்கி அஞ்சல் துறையைச் சேர்ந்தது, ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மன் எல்லைக்குள் வராது. பணம் சரியான குறியீட்டில் போய், அஞ்சல் துறைப் பக்கத்தில்தான் சிக்கியிருக்கிறது என்று உறுதியானால், யூடிஆர் எண்ணைக் குறிப்பிட்டு ஊட்டியில் இருக்கும் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கு எழுதுங்கள், அல்லது pgportal.gov.in தளத்தில் அஞ்சல் துறையைத் தேர்ந்தெடுத்துப் புகார் பதியுங்கள்.

அந்த ஐஎஃப்எஸ்சி என்னவென்று தெரிந்ததும் இங்கே எழுதுங்கள். அதன் கடைசி மூன்று எழுத்து DOP-ஆ, 001-ஆ என்பதைப் பார்த்தால் அடுத்து எந்தக் கடிதம் போட வேண்டும் என்று சொல்லிவிடலாம்.